காய்ச்சலும் அழுத்தினால் மறையாத புள்ளிகளும்

“என் மகளுக்குச் சென்ற மாதம் டெங்கு வந்து குணமானது. அப்போது அவள் காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளை மருத்துவர் கண்ணாடியால் அழுத்திப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருடைய தோலையும் அழுத்திப் பார்க்கிறேன். எனக்கு வயது 44. என் வயிற்றில் பல ஆண்டுகளாக உள்ள சிவப்புப் புள்ளிகள் மறையவில்லை. இணையத்தில் இரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். தூக்கமே இல்லை.”
– ஒரு வாசகி

பல ஆண்டுகளாக அதே இடத்தில் இருப்பவை, காய்ச்சலோ சோர்வோ ஈறில் இரத்தக் கசிவோ இல்லாமல் இருப்பவை, இரத்தப் புற்றுநோயின் புள்ளிகளாக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. முப்பது வயதைக் கடந்த பலருக்கும் வயிற்றிலும் மார்பிலும் செந்நிற மருக்கள் தோன்றும். அவை நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சுகள், அழுத்தினால் முழுவதும் மறையாமலும் இருக்கும், தீங்கற்றவை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒருமுறை காட்டிவிடுங்கள். மனம் ஆறவில்லையென்றால் ஒரு சாதாரண இரத்த அணுப் பரிசோதனை போதும். இணையத்தில் தேடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் தோலைப் பார்க்காத ஒன்று உங்கள் நோயைச் சொல்ல முடியாது.

கண்ணாடிச் சோதனை ஆரோக்கியமானவர்களின் தோலை ஆராய்வதற்கானது அன்று. காய்ச்சல் உள்ளவரிடம் புதிதாகத் தோன்றிய புள்ளிகளுக்கே அது உரியது. சாதாரணத் தடிப்பில் குழாய்கள் விரிந்து அவற்றுக்குள் இரத்தம் கூடியிருக்கும். அழுத்தினால் அது விலகிச் செல்வதால் தோல் வெளுக்கும். குழாயை விட்டுக் கசிந்து தோலுக்குள் தங்கிய இரத்தம் எங்கும் போக முடியாது. ஆகவே குண்டூசித் தலையளவுள்ள அந்தப் புள்ளி நிறம் மாறாமல் நிற்கும். கனமான கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டை நல்ல வெளிச்சத்தில் தோலின்மேல் அழுத்தி, அதன் ஊடாகவே பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தபின் பார்த்தால் இரத்தம் திரும்பியிருக்கும். நம்முடைய மாநிறத் தோலில் புள்ளிகள் எளிதில் தெரியாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

நான் கண்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நான்கு நாள் கடுங்காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் உடல் குளிர்ந்துவிட்டது. நோய் விட்டது என்று வீட்டார் நிம்மதி அடைந்தார்கள். கெண்டைக்காலில் இருந்த புள்ளிகளைக் கொசுக்கடி என்றார்கள். மாலையில் அவன் வாந்தியெடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சோர்ந்து படுத்த நிலையில் வந்தான். புள்ளிகள் மறையவில்லை, கைகள் சில்லிட்டிருந்தன, இரத்த அழுத்தம் 92/76. மேல் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டுக்கும் இடைவெளி 16 ஆகச் சுருங்கியிருந்ததுதான் ஆபத்து. தட்டணுக்கள் 48,000. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் பி.சி.வி. இரண்டாம் நாளில் 36 ஆக இருந்தது, இப்போது 45 ஆக ஏறியிருந்தது. அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவே, தட்டணு எண்ணிக்கை மட்டும் அன்று. அளந்து செலுத்திய சலைன் அவனைக் காப்பாற்றியது; தட்டணு ஏற்றத் தேவைப்படவில்லை. காய்ச்சல் இறங்கியதும் வரும் ஒன்றிரண்டு நாள்களே டெங்குவில் மிகக் கவனமாக இருக்க வேண்டியவை.

இதற்கு முன் அவனுக்கு வீட்டிலேயே காய்ச்சலுக்கு இபுபுரூபன் கொடுத்திருந்தார்கள். மெஃபினமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் ஊசி, ஆஸ்பிரின் ஆகியவையும் இதே வகைதான். இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தப்போக்கைத் தூண்டுபவை. டெங்கு சந்தேகம் இருக்கும்வரை எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டுமே தர வேண்டும். பப்பாளி இலைச்சாற்றை அரைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைத் தள்ளிப்போடுவதை நான் கோபத்தோடுதான் பார்க்கிறேன்.

இன்னொரு நோய் டெங்குவைவிட வேகமானது. மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவினால் புள்ளிகள் சில மணி நேரத்திலேயே பெருகி, ஊதா நிறத் திட்டுகளாக இணையும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கால்வலி, மயக்க நிலை சேரலாம். தொடக்கத்தில் அதன் தடிப்பு அழுத்தினால் மறையவும் கூடும். ஆதலால் மறைகிறது என்பதைக் கொண்டு, வாடிக் கிடக்கும் குழந்தையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பலமாக இருமியோ வாந்தியெடுத்தோ முகத்திலும் கழுத்திலும் மட்டும் சில புள்ளிகள் வருவதுண்டு. பெரும்பாலும் அவை தீங்கற்றவை, ஆனால் காய்ச்சலிருந்தால் அந்த முடிவையும் மருத்துவரே எடுக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்து மறையாத புள்ளிகள் தோன்றினால், காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருமுறை டெங்கு கண்டவருக்கு வேறு வகை வைரஸால் இரண்டாம் முறை வரும்போது அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். சென்ற மாத அறிக்கைகளைக் கையோடு கொண்டு போங்கள், அவளுடைய வழக்கமான பி.சி.வி. அளவு மருத்துவருக்கு உதவும்.