மிஷின் நிற்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி: பெரியப்பாவின் அச்சகத்தில் எட்டு மாதமாக வேலை பழகுகிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மிஷின் சும்மா நிற்கும் நேரம் விலையில் சேரவில்லை என்று நினைக்கிறேன். எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: தம்பி, நானும் சித்தப்பாவின் பிரஸ்ஸில்தான் தொழில் பழகினேன். ஒரு நாள் காலையில் மை போடும் தொட்டியைத் திறந்தேன். மை மேலே ஆடை கட்டியிருந்தது. ஆபரேட்டர் அண்ணன் அதைக் கத்தியால் வழித்துக்கொண்டே, “மூணு நாளா ஓடலைல்ல” என்றார். மூன்று நாளுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டே என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றே ஒரு நோட்டை மிஷின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன். ஓடிய நேரம், பிளேட் மாட்டி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று ரிஜிஸ்டர் பார்த்த நேரம், கழுவிய நேரம், சும்மா நின்ற நேரம், ஏன் நின்றது என்று ஓர் ஆடியிலிருந்து மறு ஆடி வரை எழுதினேன்.

இன்றைய பணத்தில் சொல்கிறேன். சம்பளம், வாடகை, கடன் தவணை, தேய்மானம் எல்லாம் சேர்த்து மிஷினுக்கு மாதம் 84,000 ரூபாய். சித்தப்பா அதை 200 மணி நேரத்தால் வகுத்து மணிக்கு 420 என்று விலை போடுவார். ஆனால் வேலைக்குப் பயன்பட்டது, பிளேட் மாட்டுவதையும் கழுவுவதையும் சேர்த்தே, மாதம் சராசரியாக 140 மணிதான். மீதி 60 மணிக்கு உரிய 25,200 ரூபாயை எந்த பில்லும் ஏற்கவில்லை. 140-ஆல் வகுத்தால் மணிக்கு 600 வரும்.

“நின்ன மிஷினுக்கு எவன்டா காசு தருவான்?” என்றார் சித்தப்பா. நான் நோட்டையும் தவணை ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

நீங்களும் முதலில் எழுதுங்கள். ஆனால் ஒரே மாதத்தை வைத்து விலை போடாதீர்கள். காலண்டர் சீசன் முடிந்த டல் மாதத்தில் மிஷின் 80 மணிதான் ஓடும். அதைக் கொண்டு வகுத்தால் 1,050 வரும், பார்ட்டி பக்கத்து பிரஸ்ஸுக்குப் போய்விடுவார், மிஷின் இன்னும் நிற்கும். அதனால்தான் வருடச் சராசரி. அப்புறம், பிளேட் மாட்டிய பிறகு பார்ட்டி திருத்தம் சொல்லி மிஷினை நிறுத்தினால் அந்த நேரம் அவருடைய பில்லில்தான் ஏற வேண்டும். அடிக்கடி ரிப்பேராகி நிற்பது வேறு கதை. அதை விலையில் ஏற்றாமல் மிஷினைச் சரிசெய்யுங்கள்.

டல் மாதத்தில் 600-க்குக் கீழேயும் வேலை எடுக்கலாம். பேப்பர், மை, பிளேட், கரண்ட் போக ஏதாவது மிஞ்சினால் அது வாடகைக்கு உதவும். ஆனால் அது டல் மாத விலை என்று கொட்டேஷனிலேயே தேதியோடு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் ஐப்பசியில் அதே பார்ட்டி அதே விலையைக் கேட்டு வந்து நிற்பார்.

பெரியப்பாவிடம் ஆபரேட்டர் முன்னால் பேச்செடுக்காதீர்கள். இரவு கணக்கு முடித்து அவர் தனியாக இருக்கும்போது நோட்டைக் கொடுங்கள்.