ஆராய்ச்சி நல்கை வாங்கும் எங்க ஊர் விஞ்ஞானிக்கு விழாவில் பாராட்டுரை வாசிக்கணும். அவர் ஆராய்ச்சியை ஊர்க்காரங்களுக்குப் புரியிற மாதிரி எப்படி எழுதறது?

போன வருஷம் எனக்கும் இதே வேலை வந்தது. பென்னாகரம் பக்கத்துப் பெண், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி ஆராய்பவர். அவர் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே தமிழாக்கி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு தண்ணி சுத்தம் பண்ற மிசினு கண்டுபிடிச்சிருக்குதா?" என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் அவருக்கே ஃபோன் போட்டு, "மேடம், நம்ம ஊர்க்காரங்க லேசுல நம்பாத விஷயம் ஒண்ணு உங்க வேலையில இருந்தா சொல்லுங்க" என்றேன். கிடைத்தது இதுதான். சோப்பு நுரைக்காமல், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீரைத்தான் நாம் கெட்ட தண்ணீர் என்போம். ஃபுளோரைடு விஷயத்தில் பல நேரம் கதை தலைகீழ். அந்த வெள்ளைப் படிவில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு பாறையிடுக்கிலேயே படிந்துவிடும். ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரில் கால்சியம் குறைந்து சோடியம் ஏறிவிடுகிறது. பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடைப் பிடிக்க ஆளில்லை. அதனால் நன்றாக நுரைத்து, குடிக்கவும் ருசியாக இருக்கும் போர்வெல் தண்ணீரே வில்லங்கமாக இருக்கலாம். நாக்கில் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

பாராட்டுரையில் பாதியை இதற்கே கொடுத்தேன். "லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்" என்ற உச்ச வரம்பை இப்படி மாற்றினேன்: "மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் முழுவதிலும் ஒன்றரை கிராம். இரண்டு மூன்று சிட்டிகை உப்பின் எடை. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் நம் பிள்ளைகளின் பல்லில் அந்தப் பழுப்புக் கறை." கூட்டத்தில் சிலர் கையால் வாயை மறைத்ததைப் பார்த்தேன். அந்த வரியை இன்னும் கொஞ்சம் மென்மையாக எழுதியிருக்கலாம்.

பட்டம், கட்டுரை எண்ணிக்கை எல்லாம் இரண்டு வரி போதும்.

விழாக்குழுவினர் "ஃபுளோரைடை ஒழித்த வீராங்கனை" என்று போடச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். எந்தப் போர்வெல்லில் ஃபுளோரைடு ஏன் ஏறுகிறது, மழைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. ஃபுளோரைடால் பல்லில் விழுந்த கறையும் வளைந்த எலும்பும் அதனால் சரியாகிவிடாது. நீங்கள் எழுதியதை உங்கள் விஞ்ஞானியையே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். மிகையாகச் சொன்ன இடத்தில் அவர் முகமே காட்டிக்கொடுக்கும்.

வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "கொதிக்க வெச்சா போயிருமா?" என்று கேட்டார். "தண்ணிதாங்க ஆவியாப் போகும், ஃபுளோரைடு அப்படியே தங்கிரும், இன்னும் கெட்டியாயிரும்" என்று மேடையிலிருந்தே மேடம் பதில் சொன்னார். மறுநாள் காலை மேடம் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர், கையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரோடு.