சார் பிளஸ் போட்டார், புத்தகம் மைனஸ் போடுகிறது

கேள்வி: டீச்சர், நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். டியூஷனில் இயற்பியல் சார் வெப்ப இயக்கவியல் எடுத்ததை அவரிடம் கேட்டுவிட்டு அம்மா போனில் ரெக்கார்டு பண்ணினேன், ஒரு மணி பத்து நிமிஷம். வீட்டில் புத்தகத்தோடு வைத்துக் கேட்டால் குழப்பமாக இருக்கிறது. புத்தகத்தில் ΔU = Q − W, சார் ΔU = Q + W என்கிறார். சைக்கிள் பம்ப், குற்றாலச் சாரல் என்று உதாரணமும் நிறைய சொன்னார். எதை எங்கே குறித்து வைப்பது, பரீட்சையில் எதை எழுதுவது?

பதில்: முதலில் உன் வேதியியல் புத்தகத்தை எடுத்து வெப்ப இயக்கவியல் பாடத்தைத் திற. அங்கே ΔU = q + w என்று இருக்கும், உன் சார் சொன்ன அதே பிளஸ். ஒரே வகுப்பு, ஒரே விதி, இரண்டு புத்தகத்தில் இரண்டு குறி. அப்படியானால் ஒன்று சரி, மற்றது தப்பு என்று இருக்க முடியாது. வித்தியாசம் W என்ற எழுத்துக்குள் இருக்கிறது.

இயற்பியல் புத்தகம் W என்று சொல்வது வாயு வெளியே செய்யும் வேலையை. வேதியியல் புத்தகம் w என்று சொல்வது வாயுவின் மேல் வெளியிலிருந்து செய்யப்படும் வேலையை. வெப்ப இயக்கவியல் வளர்ந்ததே நீராவி எஞ்சினை வைத்துத்தான். எஞ்சினிடமிருந்து நமக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது என்பதுதான் அன்றைக்குக் கேள்வி, அதனால் வெளியே வரும் வேலைக்குப் பிளஸ் கொடுத்தார்கள். வேதியியல்காரர்களுக்கு எஞ்சின் பெரிய விஷயமில்லை. அமைப்புக்குள்ளே வருவது எதுவானாலும் பிளஸ், வெளியே போவது எதுவானாலும் மைனஸ் என்று ஒரே கணக்காக வைத்துக்கொண்டார்கள்.

இப்போது ரெக்கார்டிங்குக்கு வா. சூத்திரம் எந்த நிமிடத்தில் வருகிறதோ, அந்த நிமிடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டால் ஒன்றும் தெளியாது, நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். 34-ஆவது நிமிடத்தில் சூத்திரம் வருகிறது என்று வைத்துக்கொள், அங்கிருந்து பின்னால் போய் W என்ற எழுத்து முதன்முதலில் எங்கே வருகிறது என்று தேடு. இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ முன்னால், "கேஸ் மேல நாம செய்யுற வேலைய டபிள்யூன்னு வச்சுக்கிடுங்க" என்பது போல ஒரு வாக்கியத்தைச் சார் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு வாக்கியம்தான் உனக்கு வேண்டியது. அதை உன் நடையில் சுருக்காமல் அவர் சொன்ன வார்த்தையிலேயே நிமிடத்தோடு எழுது, ஏனென்றால் "கேஸ் மேல செய்யுற வேலை", "கேஸ் செய்யுற வேலை" இரண்டையும் நீ சுருக்கினால் இரண்டும் "வேலை" என்று ஆகிவிடும், குறி மாறிய காரணமே தொலைந்துவிடும்.

எழுதியாயிற்றா, சரி, ஒரு கணக்கில் போட்டுப் பார். வாயுவுக்கு 500 ஜூல் வெப்பம் கொடுக்கிறோம், அது விரிந்து 200 ஜூல் வேலை செய்கிறது. புத்தகத்தின்படி W என்பது +200, எனவே ΔU = 500 − 200 = 300 ஜூல். சார் கணக்கில் வாயுவின் மேல் செய்த வேலை −200, எனவே ΔU = 500 + (−200) = 300 ஜூல். இரண்டும் ஒரே விடை. இப்படி வந்தால் அது குறி வைக்கும் முறையில் உள்ள வித்தியாசம் மட்டும்தான். புத்தகத்து W-ஐ எடுத்து சாருடைய பிளஸில் போட்டிருந்தால் 700 வந்திருக்கும். நாம் கொடுத்ததே 500, அதிலும் 200-ஐ வாயு வெளியே செலவழித்துவிட்டது, பிறகு உள்ளே 700 எப்படிக் கூடும்? பரீட்சையில் 700 மாதிரி ஒரு விடை வந்தால் இரண்டு முறையையும் கலந்துவிட்டாய் என்று அர்த்தம்.

புத்தகத்தில் அந்தச் சூத்திரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் இவ்வளவு எழுதினால் போதும்: "சார்: Q + W. W = வாயு மேல் செய்த வேலை. 31:20. விடை ஒன்றே." நிமிடத்தை எழுதாமல் விட்டுவிடாதே. பிப்ரவரியில் திருப்புதல் நேரத்தில் எழுபது நிமிடத்தையும் மறுபடி கேட்க யாருக்கும் பொழுது இருக்காது.

பரீட்சைக்கு இயற்பியல் தாளில் புத்தகத்து மைனஸையே எழுது, வேதியியல் தாளில் பிளஸ். எதை எழுதினாலும் W எந்த வேலையைக் குறிக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் திருத்துகிறவருக்குச் சந்தேகமே வராது.

ஆனால் எல்லா வித்தியாசமும் இப்படிச் சமாதானமாக முடியாது. நான் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு முறை வெப்பநிலை மாறா நிகழ்வைப் பற்றிச் சொல்லும்போது "இங்கே Q பூச்சியம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், ஒரு மாணவி மறுநாள் வந்து கேட்டாள். வெப்பநிலை மாறாவிட்டால் நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் மாறாது, அதாவது ΔU தான் பூச்சியம். வாயு விரிந்து வேலை செய்தால் அந்த அளவு வெப்பம் உள்ளே வந்தே ஆகவேண்டும். Q பூச்சியமாவது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வில். இங்கே W-க்கு எந்த அர்த்தத்தைக் கொடுத்தாலும், பிளஸ் போட்டாலும் மைனஸ் போட்டாலும், நான் சொன்ன வாக்கியம் சரியாகவில்லை. குறிமுறை வித்தியாசத்துக்கும் வாய்தவறலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: எழுத்தின் அர்த்தத்தை மாற்றிப் பார்த்தால் முதலாவது சரியாகிவிடும், இரண்டாவது ஆகாது. வாய்தவறலாக இருந்தால் அதே வகுப்பில் வேறு இடத்தில் அவரே சரியாகச் சொல்லியும் இருப்பார், அந்த நிமிடத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, போனில் எடுத்த பதிவில் இது அடிக்கடி நடக்கும். மின்விசிறிச் சத்தத்தில் "மைனஸ்" என்ற சொல் அமுங்கிப்போகும். "இத இங்க போட்டா அது வந்துரும்" என்று சார் போர்டைக் காட்டிச் சொல்லியிருப்பார், போனுக்குப் போர்டு தெரியாது. அந்த மாதிரி இடத்தில் ஊகித்து எழுதாதே, இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அன்றைக்குப் போர்டைப் பார்த்து எழுதிய தோழியின் நோட்டை வாங்கிப் பார்.

உதாரணங்களுக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சார் ஒன்றைச் சொன்னதும் புத்தகத்தில் இல்லை என்று உடனே முடிவு கட்டாதே. அவர் பாடத்தின் நடுவில் சொன்னது புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளிப் பெட்டிச் செய்தியாக இருக்கலாம், முழுப் பாடத்தையும் ஒரு முறை புரட்டு. இல்லையென்றால் அது எந்தக் கருத்துக்கான உதாரணமோ அந்தப் பத்திக்கு எதிரே எழுது. சார் எந்த வரிசையில் சொன்னார் என்பது இங்கே முக்கியமில்லை.

சைக்கிள் பம்பை எடுத்துக்கொள். வாயை அடைத்து வேகமாக அழுத்தினால் அடிப்பக்கம் சுடும். வெப்பம் வெளியே போக நேரமில்லை, அதனால் Q ஏறத்தாழ பூச்சியம், காற்றின் மேல் நாம் செய்த வேலை முழுதும் அக ஆற்றலாகிறது. 50 ஜூல் வேலை செய்தோம் என்றால் புத்தகப்படி W = −50, ΔU = 0 − (−50) = +50. சார்படி W = +50, ΔU = 0 + 50 = +50. கை சுடுவதும் இதையேதான் சொல்கிறது. அதனால் இந்த உதாரணத்தை முதல் விதிக்குப் பக்கத்திலும் எழுதி வைக்கலாம், குறி மறந்துபோனால் பம்பை நினைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் "வேகமாக" என்ற சொல்லை விட்டுவிடாதே. மெதுவாக அழுத்தினால் வெப்பம் உலோகம் வழியாக வெளியே போய்விடும், அப்போது அது வெப்பநிலை மாறா நிகழ்வுக்கு நெருங்கி வரும். பம்ப் சுடுவதில் உராய்வுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

குற்றாலச் சாரலை வெப்பப் பரிமாற்றமில்லா விரிவுக்கு எதிரே எழுது. ஆனி, ஆடியில் கேரளத்துப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது, விரிய வேலை செய்கிறது, வெளியிலிருந்து வெப்பம் வருவதில்லை, எனவே தன் அக ஆற்றலையே செலவழித்துக் குளிர்கிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். மேகம் உருவாகத் தொடங்கியதும் நீராவி நீராகும்போது வெப்பத்தை விடுவதால் குளிர்வது அதைவிடக் குறையும், இந்த உதாரணத்தின் எல்லை அதுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் இந்தப் பக்கம் சிந்துகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது, அதனால்தான் குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே நாளில் பாளையங்கோட்டையில் வறண்ட காற்று வீசுகிறது. இறங்கும் காற்றைப் பற்றிச் சார் பேசியிருந்தால் அதை அமுக்கத்துக்கு எதிரே தனியாக எழுது. ஒரே உதாரணம், இரண்டு இடம்.

பென்சில் நிறம் பற்றி ரொம்ப யோசிக்காதே. கூடுதல் உதாரணத்துக்கு ஒரு நிறம், மாறுபாட்டுக்கு ஒரு நிறம் போதும். புத்தகமும் சாரும் ஒத்துப்போகிற இடத்தில் ஒன்றும் குறிக்க வேண்டாம், அங்கேயும் டிக் போட்டுக்கொண்டே போனால் மாறுபட்ட இடம் கண்ணில் படாது.

இவ்வளவுக்குப் பிறகும் தீராமல் நிற்பது இரண்டோ மூன்றோ இடமாகத்தான் இருக்கும். அதைச் சாரிடம் கேட்கும்போது "நீங்க சொன்னது புத்தகத்துல வேற மாதிரி இருக்கு சார்" என்று மொட்டையாகக் கேட்காதே. "34-ஆவது நிமிஷத்துல Q பிளஸ் W போட்டீங்க சார், அங்க W-ங்கிறது கேஸ் மேல செய்யுற வேலைதானே?" என்று கேள். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும்.