டைரியில் தையா, ஜனவரியா?

கேள்வி: நான் பிரான்சில் வளர்ந்தவன். இப்போது புதுச்சேரியில் பாட்டி வீட்டில் தங்கித் தமிழ் கற்கிறேன். தினசரி வேலைகளைக் குறிக்கும் டைரியில் கிழமைகளையும் மாதங்களையும் தமிழில் எழுத ஆசை. எந்த மாதப் பெயர்களை எழுதுவது? கிழமையைச் சுருக்கி எழுதலாமா?

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். கொல்கத்தாவிலிருந்து வேலைக்காக வந்தவர். உங்களைப் போலவே தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். 2024 டிசம்பரில் வீடு பார்த்துவிட்டுப் போனார். "எப்போது வரலாம்?" என்று கேட்டதற்கு, "தை பத்து நல்ல நாள்ம்மா, அன்றைக்கே பால் காய்ச்சிவிடு" என்றார் என் அம்மா. அந்தப் பெண் கற்ற பாடத்தில் தை என்றால் ஜனவரி என்று இருந்ததாம். டைரியில் ஜனவரி 10-க்கு நேரே "வீடு" என்று எழுதிவைத்து, அன்று காலையில் மினி லாரியில் சாமான்களோடு வந்து நின்றார். அன்று மார்கழி 26. மார்கழியில் யாரும் குடிபுக மாட்டார்கள். மேல் வீட்டில் இன்னும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குறித்த தை பத்து, ஜனவரி 23, வியாழக்கிழமை.

எனவே என் பதில் இதுதான். டைரியின் தலைப்பில் ஜனவரி, பிப்ரவரி என்றே எழுதுங்கள். சம்பளம், பள்ளி, வங்கி, மருத்துவரின் நேரம் எல்லாம் தமிழர்களுக்கும் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன. எழுதும்போது ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். தமிழ் மாதத்தை அதே பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில், நாள் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். கல்யாணம், குடிபுகுதல், கோவில் விழா, பாட்டி சொல்லும் விரத நாள் எல்லாம் அந்த மூலையில்தான் இருக்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போக வேண்டும், ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் போக வேண்டும் என்று பாட்டி சொன்னால், பிப்ரவரி, மார்ச், ஜூலை, ஆகஸ்ட் என்ற தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நாளைத் தேட முடியாது.

தமிழ் மாதங்கள் சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. சித்திரை ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. மற்றவையும் அப்படியே ஆங்கில மாதத்தின் நடுவில்தான் பிறக்கும். எனவே ஓர் ஆங்கில மாதத்தில் இரண்டு தமிழ் மாதங்கள் பாதிப்பாதியாக இருக்கும்: ஜனவரியின் முற்பாதி மார்கழி, பிற்பாதி தை. "தை என்றால் ஜனவரி" என்ற பாடம் தவறாகப் போவது இங்கேதான்.

பதினான்கு நாள் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்கு நகரும் நாளை வைத்து மாதம் பிறப்பதால், மாதத்தின் நீளம் 29 முதல் 32 நாள் வரை மாறும். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வந்து வேகமாகச் செல்கிறது. அதனால் மார்கழி குறுகியது. ஜூலை தொடக்கத்தில் தொலைவில் மெதுவாகச் செல்வதால் ஆனி நீண்டது. ஒரே மாதம்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-லும் 2025-லும் மார்கழி டிசம்பர் 16-ஆம் தேதியே பிறந்தது. முதல் முறை 29 நாளில் முடிந்து, 2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை பொங்கல் வந்தது. அடுத்த முறை 30 நாள் இருந்ததால், 2026-இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. பாட்டி வீட்டுச் சுவரில் தாள் கிழிக்கும் காலண்டர் தொங்கும். அதில் பெரிய எண் ஆங்கிலத் தேதி, பக்கத்தில் சிறியதாகத் தமிழ் மாதமும் நாளும் இருக்கும். அதைப் பார்த்து எழுதுவதுதான் சரியான வழி. மாதம் பிறக்கும் நாளை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டால்கூடப் போதும், அங்கிருந்து அடுத்த பிறப்பு வரை எண்ணிக்கொண்டே போகலாம்.

கிழமைகளில் உங்கள் பிரெஞ்சு உதவும். லந்தி நிலவின் நாள், நமக்குத் திங்கள். மார்தி செவ்வாய், மெர்க்ரெதி புதன், ழெதி வியாழன், வாந்த்ரெதி வெள்ளி. ஐந்தும் அதே கோள்கள். சம்தியும் திமான்ஷும் மட்டும் மதத்திலிருந்து வந்த பெயர்கள். தமிழில் அவை சனி, ஞாயிறு. ஞாயிறு என்றால் சூரியன். கிழமை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் உரிமை என்று பொருள். வெள்ளிக்கிழமை என்பது வெள்ளிக்கு உரிய நாள்.

கிழமையைச் சேர்க்கும்போதுதான் எழுத்துப் பிழை வருகிறது. ஞாயிறுக்கிழமை, வியாழன்கிழமை என்று எழுதாதீர்கள். சோறு, பானையோடு சேர்ந்தால் சோற்றுப்பானை ஆவதுபோல, ஞாயிறு இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. பேச்சில் அது "நாயித்துக்கிழமை" என்று காதில் விழும், குழம்ப வேண்டாம். வியாழனின் கடைசி எழுத்து விழுந்து வியாழக்கிழமை. ஆனால் புதனில் எதுவும் விழாது: புதன்கிழமை. திங்களுக்குத் திங்கட்கிழமை, திங்கள்கிழமை இரண்டும் அச்சில் வருகின்றன. செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை மூன்றிலும் நடுவில் க் உண்டு.

சுருக்கலாம். ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதினால் ஏழும் வேறு வேறு. வி, வெ இரண்டையும் மட்டும் தெளிவாக எழுதுங்கள். அவசரக் கையெழுத்தில் வியாழன் வெள்ளியாகிவிடும். வேலைக் குறிப்பின் நடுவில் கிழமை வந்தால் முழுச் சொல்லையே எழுதுவது நல்லது. "வெள்ளி வாங்க வேண்டும்" என்று எழுதி ஒரு வாரம் கழித்துப் படித்தால், வாங்க வேண்டியது வெள்ளிக் கொலுசா, வாங்கவேண்டிய நாள் வெள்ளிக்கிழமையா என்று தெரியாது. திங்களுக்கும் மாதம் என்று இன்னொரு பொருள் இருக்கிறது.

இன்னொன்று: வெள்ளிக்கிழமையில் சந்திப்பு என்று எழுத வேண்டாம். கிழமையோடு "அன்று" சேரும், அல்லது எதுவுமே வேண்டாம்: வெள்ளிக்கிழமை அன்று சந்திப்பு, வெள்ளிக்கிழமை சந்திப்பு. வாராவாரம் வருவதென்றால் வெள்ளிக்கிழமைதோறும். மாதத்துக்குத்தான் "இல்": மார்ச்சில், ஏப்ரலில், தை மாதத்தில்.

அந்தப் பெண்ணின் டைரியை இந்த முறையில் எழுதினால், அன்றைய பக்கத்தின் தலைப்பு இப்படி இருந்திருக்கும்: 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை. மூலையில்: தை 10. தமிழ் மாதப் பெயரைச் சுருக்காமல் எழுதுங்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவற்றோடு ஆகஸ்டும் சேர்ந்துகொள்ளும். "ஆ" என்று மட்டும் எழுதினால் நான்கில் எது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.