பங்கைக் கரைத்துவிட்டால் வழக்குப் போடலாமா?

கேள்வி: 7 பேர் கொண்ட பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 10,000 பங்கில் 2,000 என்னுடையது. எனக்குச் சொல்லாமல் 15,000 புதுப் பங்கு ஒதுக்கிக்கொண்டார்கள். இப்போது எனக்கு 8 சதவீதம்தான். வழக்குப் போட முடியுமா?

முடியும். 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 244, பத்து சதவீதப் பங்கு அல்லது உறுப்பினர்களில் பத்தில் ஒருவர், இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்கிறது. ஏழு பேரில் நீங்கள் ஒருவரே அந்தக் கணக்கில் வந்துவிடுவீர்கள்.

முதலில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில், பங்கு ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவத்தை எடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்குப் பங்கு போனது என்று அதில் இருக்கும். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கே தரும் உரிமைப் பங்கு என்று சொல்கிறார்களானால், பிரிவு 62-இன்படி உங்களுக்கும் கடிதம் வந்திருக்க வேண்டும். அனுப்பிய ரசீதைக் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டுவார்கள்.

பிறகு, கம்பெனியை நடத்துபவர்கள் உங்களை ஒடுக்குகிறார்கள் என்று பிரிவு 241-இன் கீழ் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு. கூடவே, புதுப் பங்குகளை வைத்து ஓட்டுப் போடாதபடி இடைக்காலத் தடையும் கேளுங்கள். ஒதுக்கீட்டை ரத்து செய்யவோ, உங்கள் பங்கை நியாய விலைக்கு வாங்கச் சொல்லவோ தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. டிவிடெண்ட் தரவில்லை என்பதை மட்டும் வைத்துப் போனால் மனு நிற்பது கடினம்.