டிப்ளமோ சிவில் முடித்த மகன் 'வீட்டு பிளான், எஸ்டிமேட் போட்டுத் தருகிறேன்' என்கிறான்: விடலாமா?

மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, மேற்கொண்டு பி.இ. வேண்டாம், சொந்தமாக பிளான் வரைந்து தருகிறேன் என்று மகன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் இன்றைக்கே போர்டு மாட்ட வேண்டாம். முதலில் ஒன்றரை, இரண்டு வருடம் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடமோ, சிறு வீடுகள் கட்டும் ஒப்பந்ததாரரிடமோ அவர் சைட்டில் நிற்கட்டும். காரணம், இந்தத் தொழிலில் வரைபடத்தைவிட எஸ்டிமேட்தான் சோறு போடும். ஆட்டோகேட் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். 'பன்னிரண்டு லட்சம் வைத்திருக்கிறேன், இதில் எது வரை முடியும்?' என்று கேட்கும் குடும்பத்துக்கு நம்பும்படி பதில் சொல்கிறவர் அரிது.

அப்படிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு சதுர அடி ரேட். அறுநூறு சதுர அடி, பெருக்கினால் இவ்வளவு. சதுர அடி ரேட் தவறில்லை, மனை தெரியாமல் சொல்வதுதான் தவறு. ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். 30-க்கு 40, அதாவது அரை கிரவுண்டு. வீடு வெளிப்புறம் 20-க்கு 30 அடி. ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. மனை ரோட்டைவிட ஒன்றரை அடி தாழ்ந்து கிடக்கிறது. கண்ணால் பார்த்தால் இது தெரியாது. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்தால்தான் தெரியும். ஆகவே மகன் கற்க வேண்டிய முதல் வேலை, பிளான் கேட்டு வந்தவரிடம் மனையின் அளவைக் கேட்டு எழுதிக்கொள்வது அல்ல. டேப்பும் டியூபும் எடுத்துக்கொண்டு நேரில் போவது.

ஒன்றரை அடி என்ன செய்கிறது என்று பாருங்கள். தரைமட்டம் ரோட்டுக்கு மேல் இரண்டடி இருக்க வேண்டும் என்று குடும்பம் நினைக்கிறது. சுவர்களைக் கழித்தால் உள்ளே நிரப்ப வேண்டிய பரப்பு சுமார் 500 சதுர அடி. மனையும் ரோடும் ஒரே மட்டமாக இருந்திருந்தால் 1,000 கன அடி. இப்போது மூன்றரை அடி நிரப்ப வேண்டும், 1,750 கன அடி. கொட்டிய மண் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் அமுங்கும். அதற்குக் கால் பங்கு கூட்டினால், 1,250 கன அடியில் முடிந்திருக்க வேண்டியது ஏறக்குறைய 2,190 ஆகிறது. இரண்டு யூனிட் லாரியில் 200 கன அடி வரும் என்றால் ஆறேழு லோடு போதும் என்ற இடத்தில் பதினோரு லோடு. பேஸ்மெண்ட் சுவரும் அதே ஒன்றரை அடி உயர்கிறது. வெளிச்சுவரின் மைய நீளம் 97 அடி, ஆக 145 சதுர அடி கூடுதல் சுவர். உட்சுவர்களுக்குக் கீழே உள்ளது தனி. இவ்வளவும் தரைக்குக் கீழே போகும் பணம். சதுர அடி ரேட்டில் இது ஒரு பைசாகூடத் தெரியாது. வீடு கதவு ஜன்னலின் மேல் வரும் லிண்டல் மட்டத்தில் நின்றுபோவதற்கு இப்படி ஆரம்பத்திலேயே கரைந்த பணம் ஒரு முக்கியக் காரணம். செப்டிக் டேங்க், தண்ணீர் சம்ப், மின் இணைப்பு, போர், காம்பவுண்டு ஆகியவற்றையும் சதுர அடிக்குள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எஸ்டிமேட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கட்டும்; இப்போது செய்யப்போவதில்லை என்றாலும் 'இதில் சேரவில்லை' என்றாவது எழுத வேண்டும்.

அடுத்தது செங்கல். நூறு சதுர அடிச் சுவருக்கு இத்தனை கல் என்ற மனப்பாடக் கணக்கு ஊருக்கு ஊர் பொய்க்கும், ஏனென்றால் சூளைக்குச் சூளை கல்லின் அளவு மாறும். அந்த வட்டாரத்தில் கிடைக்கும் கல்லில் பத்தை எடுத்து அளந்து சராசரி காணச் சொல்லுங்கள். கல் 230 மி.மீ. நீளம், 75 மி.மீ. உயரம் என்றால், 10 மி.மீ. கலவைச் சந்து சேர்த்து, கனத்தில் இரண்டு கல் வரும் 9 அங்குலச் சுவரில் சதுர அடிக்கு ஏறக்குறைய 9.1 கல் பிடிக்கும். 220-க்கு 70 என்றால் 10.1. நம் வீட்டின் வெளிச்சுவர் 97 அடி நீளம், 10 அடி உயரம். கதவு ஜன்னலுக்கு 112 சதுர அடி கழித்தால் 858 சதுர அடி. முதல் கல்லில் 7,800 வருவது இரண்டாவது கல்லில் 8,660-ஐத் தாண்டுகிறது. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து இரண்டிலும் சேரும். விலை குறைவு என்று சிறிய கல்லை வாங்கிய குடும்பம், இரண்டாவது லோடு வரும்போதுதான் விழித்துக்கொள்ளும்.

கூரை கான்கிரீட் எளிது. 600 சதுர அடிக்கு 5 அங்குலக் கனம் என்றால் 250 கன அடி, சுமார் 7 கன மீட்டர். எம் 20 தரக் கான்கிரீட்டுக்கு சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை வைத்தால் 57 மூட்டை சிமெண்ட், பீம் தனி. இவ்வளவும் ஒரே நாளில் இறங்க வேண்டிய பணம் என்பதை எஸ்டிமேட் முன்கூட்டியே காட்ட வேண்டும். கூலி, சென்ட்ரிங், கம்பி எல்லாம் அந்த ஒரே வாரத்தில் கேட்கும்.

அதனால்தான் தாளின் கடைசியில் ஒரு மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. பேஸ்மெண்ட், லிண்டல், கூரை, பூச்சும் தரையும், கதவு-வயரிங்-பெயிண்ட் என்று நிலை நிலையாகப் பிரித்து, ஒவ்வொரு நிலை முடிவிலும் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று எழுத வேண்டும். வங்கிக் கடனும் நிலை பார்த்துத்தான் தவணையாக இறங்கும்; வேலை முடிந்த பிறகே பணம் என்பதால் ஒவ்வொரு நிலைக்கும் முதலில் கைப்பணம் போட வேண்டியிருக்கும். கூரை போட்ட அன்று பாதிச் செலவுதான் முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பன்னிரண்டு லட்சம் போதாது என்று தாளிலேயே தெரிந்தால், படுக்கையறையைப் பிறகு சேர்க்கும்படி பிளானை மாற்றலாம். கூரை ஏறிய பிறகு அந்த வழி இல்லை.

எதைச் செய்யக்கூடாது என்பதையும் மகன் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். கரிசல் மண், நிரவிய குளத்து மனை, மாடி கட்டும் திட்டம் என்றால் பழைய வீட்டின் தூண் அளவையும் கம்பியையும் பார்த்துப் போடக்கூடாது. அதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் அனுப்பி, அந்தக் கட்டணத்தையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அளவுகளுக்குக் குடும்பமே சான்று தருவதால், கொடுக்கும் அளவு தப்பானால் பொறுப்பு விண்ணப்பித்த குடும்பத்தின் தலையில் விழும். பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றிலும் உள்ள அளவுகளை மனையில் டேப் பிடித்து ஒப்பிட்ட பிறகே வரையத் தொடங்க வேண்டும். ஓரடி வித்தியாசம் வந்தால் சர்வேயரை அழைக்கச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் கையெழுத்திடும் பதிவு மகனுக்குக் கிடைக்கும் வரை, கையெழுத்துத் தேவைப்படும் இடங்களில் பதிவு பெற்றவரோடு சேர்ந்தே வேலை செய்யட்டும். இன்னொருவர் முத்திரையை வாடகைக்கு வாங்குவது வேண்டாம்.

கட்டணத்தை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: மனையை அளக்கப் போகும்போது ஒரு பங்கு, முதல் வரைபடம் கொடுக்கும்போது ஒரு பங்கு, எஸ்டிமேட் கொடுக்கும்போது மீதி. இரண்டு முறை திருத்தம் இதில் அடங்கும், மூன்றாவதற்குத் தனி என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பூஜையறை, வாசல் திசை என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மாற்றம் சொல்வார்கள். முன்பே எழுதாவிட்டால் பத்துத் தடவை இலவசமாக வரைய நேரும்.

சைட்டில் நிற்கும் இந்த இரண்டு வருடத்தில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அதற்குள் ஒன்று செய்யட்டும்: வேலை பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தானாக ஒரு எஸ்டிமேட் போட்டு வைத்து, வீடு முடிந்ததும் உண்மையில் வந்த மூட்டை, கல், லோடு, கூலியைப் பக்கத்தில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி விலையை இரண்டு மூன்று கடைகளில் கேட்டு எக்செல்லில் தேதியோடு குறிக்க வேண்டும். எட்டுப் பத்து வீட்டுக்கு இப்படிச் செய்து, அளவுகள் நூற்றுக்கு ஐந்து வித்தியாசத்துக்குள் ஒத்துவரத் தொடங்கினால், அப்போது போர்டு மாட்ட நீங்களே உதவுங்கள்.