ஃபார்ம் 31 மட்டும்தான் வருகிறது, பிஎஃப் பணத்தை முழுதாக எடுப்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். முதல் வேலையே அதுதான். விட்டு ஏழு மாதம் ஆகிறது. பிஎஃப் பணம் முழுதையும் எடுக்கலாம் என்று ஆன்லைனில் போனால் ஃபார்ம் 31 மட்டும்தான் வருகிறது. பேங்க் கணக்கைச் சேர்த்தால் பெயர் பொருந்தவில்லை என்று தள்ளிவிடுகிறது. கம்பெனியில் கேட்டால் ‘பார்க்கிறோம்’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஃபார்ம் 31 என்பது முன்பணத்துக்கானது, வேலையில் இருப்பவர்கள் எடுப்பது. கணக்கை முடித்து எடுக்க ஃபார்ம் 19 வேண்டும். அது வரவில்லை என்றால், பெரும்பாலும் பிஎஃப் பதிவில் நீங்கள் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். `View → Service History` பக்கத்தைத் திறந்து பாருங்கள். `DOE EPF` என்ற இடம் காலியாக இருக்கும். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றவே இல்லை.

இதற்காகக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியதில்லை. கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கடந்துவிட்டால் `Manage → Mark Exit` மூலம் தேதியை நீங்களே போடலாம். ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓடிபி வரும், அது போதும். ஆனால் ஒரு முறை போட்ட தேதியை அங்கேயே திருத்த முடியாது. அதனால் முதலில் பாஸ்புக்கைப் பார்த்து, கம்பெனி கடைசியாக எந்த மாதச் சம்பளத்துக்குப் பணம் கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாதத்துக்குள் ஒரு தேதிதான் போட வேண்டும். ஆகஸ்ட் வரை பணம் கட்டியிருக்க, நோட்டீஸ் காலத்தையும் சேர்த்து செப்டம்பர் 10 என்று போடப் போனால் சிக்கல்தான்.

அடுத்தது பெயர். நம் ஊரில் பாதிப் பேருக்கு வில்லன் இந்த இனிஷியல்தான். உங்கள் பெயர் கவிதா, அப்பா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் `Kavitha R`, பிஎஃப்பில் `KAVITHA`, பேங்கில் `KAVITHA RAMASAMY`. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. `R` என்பதுதான் `RAMASAMY` என்று அதற்கு யார் சொல்வது?

இதில் ஆதாரை அசைக்காதீர்கள். அதில் எழுத்துப் பிழையே இருந்தால் தவிர, மற்ற இரண்டையும் அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். முதலில் பிஎஃப். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு உருவாகி, ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட யுஏஎன் என்றால், 2025 ஜனவரி முதல் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் போன்றவற்றைக் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமலே ஆன்லைனில் திருத்தலாம். நீங்கள் அந்த வகையில்தான் வருவீர்கள். பழைய யுஏஎன்காரர்கள்தான் கம்பெனி வழியாகப் போக வேண்டும்.

அப்புறம் பேங்க். ஆதார் நகலோடு கிளைக்குப் போய், கணக்கில் உள்ள பெயரை ஆதாரில் இருப்பதுபோலவே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாஸ்புக்கில் புதுப் பெயர் அச்சாகி வரும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே `Manage → KYC`-யில் கணக்கைச் சேருங்கள். அவசரப்பட்டு அன்று மாலையே போட்டால் மறுபடியும் தள்ளிவிடும். 2025 ஏப்ரல் முதல் இதற்கும் கம்பெனி ஒப்புதல் தேவையில்லை, செக் படமும் ஏற்ற வேண்டாம்.

ஐஎஃப்எஸ்சி-யையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020-இல் டிபிஎஸ்ஸோடு இணைந்தது. `LAVB` என்று தொடங்கும் பழைய குறியீடு இப்போது செல்லாது. இணைந்துபோன மற்ற வங்கிகளின் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுபவர்களுக்கும் இதே கதிதான்.

இவ்வளவும் சரியானதும் `Online Services → Claim` போய்க் கணக்கு எண்ணை அடித்துப் பாருங்கள். நீங்கள் விட்ட தேதியை வைத்து எந்தப் படிவத்துக்குத் தகுதியோ அது பட்டியலில் வரும். ஃபார்ம் 19-இல் பிஎஃப் பணம் மட்டுமே வரும். பென்ஷன் பங்குக்குத் தனியாக ஃபார்ம் 10சி போட வேண்டும். அந்தத் தொகை பாஸ்புக்கின் பென்ஷன் கட்டத்தைக் கூட்டினால் வருவது அல்ல, சர்வீஸ் மாதங்களையும் சம்பளத்தையும் வைத்து அட்டவணைப்படி கணக்கிடுவார்கள். எனவே கூட்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

உங்களுக்கு ஐந்து வருடம் நிறையவில்லை. தொகை 50,000 ரூபாயைத் தொட்டால் வரி பிடிப்பார்கள். பான் இணைத்திருந்தால் 10 சதவீதம், இல்லாவிட்டால் 20 சதவீதம். க்ளைம் போடுவதற்கு முன்பே பானையும் கேஒய்சியில் சேர்த்துவிடுங்கள். அங்கேயும் அதே `Kavitha R`தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.